செவ்வாயா, புதனா

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் அந்த நாட்களில் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். இரவில் கடைசி ரயில் போனபின் அலைச் சத்தம் மட்டும் ஜன்னலுக்குள் வந்து கிடக்குமே, அதை மறந்திருக்க மாட்டீர்கள். உப்புப் பிடித்துத் துருவேறிய ஜன்னல் கொக்கிகள், வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறோம் என்று எழுதி, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பொலிஸ் பதிவுத் துண்டு, வாசலில் ஆட்டோ நின்றால் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவது. எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. அந்த வயதில் பயமும் ஒரு வாசனை மாதிரித்தான், வரும், போகும். எனக்கு நினைவிருப்பது ஒரு மாசி மாதம். அந்த மாசியில்தான் மாமி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க். அங்கே டெலிபோன் போர்டில் இருந்த கொட்டாஞ்சேனைப் பெண்ணைக் கல்யாணம் முடித்தார். அவர்கள் கத்தோலிக்கர்கள். கல்யாணம் கோயிலில் அல்ல, தேவாலயத்தில் நடந்தது. அம்மா போகவில்லை. "அவன் எங்களை விட்டிட்டுப் போயிட்டான்" என்பாள். "போனவன்" என்றால் எங்கள் வீட்டில் மாமாதான். கொட்டாஞ்சேனைக்கு ஒரு பஸ்ஸும், பிறகு இன்னொரு பஸ்ஸும். அவ்வளவுதான் தூரம். ஆனாலும் நான் பிறந்ததிலிருந்து மாமாவை இரண்டு முறைதான் பார்த்திருந்தேன், இரண்டும் யாரோ ஒருவருடைய செத்தவீட்டில்.

அந்த மாசிக்கு முந்தின மார்கழியில் மாமாவை ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். செக்பொயின்ற் ஒன்றில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்களாம். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது, அது போதும். கொழும்புக்கு வெளியே ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார் என்று தைப்பொங்கலுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அம்மா அன்று சமைத்ததை மூடிவைத்துவிட்டு, சுவாமி அறை என்று நாங்கள் சொல்லும் அலுமாரித் தட்டின் முன் கனநேரம் இருந்தாள். கொட்டாஞ்சேனைக்கு மட்டும் போகவில்லை.

மாமி ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன். மெல்லிய, உயரமான பெண், சாம்பல் நிறப் பாவாடையும் சட்டையும், கழுத்தில் சின்னக் குருசு. கையில் குடை. என்னைப் பார்த்துச் சிரித்து, "அம்மா இருக்காவா?" என்றாள். அம்மா குசினியிலிருந்து வந்து பார்த்தாள். ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"இருங்கோ," என்றாள் அம்மா. தன்னைவிட எத்தனையோ வயது குறைந்தவளை அம்மா "நீங்கள்" போட்டுக் கதைத்தது, மரியாதைக்காக அல்ல. அது எனக்கே விளங்கியது.

மாமி கதிரையின் நுனியில் இருந்தாள். "சனிக்கிழமை நான் அவரைப் பார்க்கப் போறேன் அக்கா. ரெண்டு கிழமைக்கு ஒருக்கத்தான் விடுவாங்க. போன முறை ஒரு விசயம் கேட்டு விட்டார். அத உங்களிட்டத்தான் கேக்கணும்னு வந்தேன்."

"என்ன விசயம்?"

"சிவராத்திரி எண்டைக்கு எண்டு அக்காவிட்டக் கேட்டுச் சொல்லு எண்டார். அங்க கலண்டர் இல்லையாம். ஒவ்வொரு வருசமும் பிடிக்கிற விரதம், இந்த முறை விடக்கூடாதாம். அக்கா முழிச்சிருக்கிற அதே ராவு தானும் முழிச்சிருக்கோணுமாம்."

அம்மாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒவ்வொரு வருசமுமோ?" என்றாள்.

"ஓம் அக்கா. கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து. நான் அண்டைக்கு நைட் ஷிப்ட் மாத்திக்கொண்டு வீட்டில நிப்பேன். அவர் தேவாரம் படிப்பார். நான் தேத்தண்ணி வச்சுக் குடுப்பேன், அவர் குடிக்க மாட்டார்."

அம்மா எழுந்து குசினிக்குப் போனாள். கேத்தில் தண்ணீர் நிரப்பும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

அப்பா வேலையால் வந்ததும் அம்மா மாமியின் கேள்வியை அவரிடம் சொன்னாள். அப்பா ஒரு திணைக்களத்தில் கணக்குப் பகுதியில் இருந்தவர். பஞ்சாங்கம் அவருக்குப் பத்திரிகையைவிட ருசி. பெட்டியைக் கூடக் கீழே வைக்காமல், "அதுதானே இந்த வருசப் பிரச்சினை!" என்றார். பிரச்சினை என்று அவ்வளவு சந்தோசமாகச் சொன்ன ஒருவரை நான் அதன்பிறகு கண்டதில்லை.

சுவர் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் மல்லாத்தி வைத்தார். மாமி கதிரையை இழுத்துக் கிட்ட வந்தாள்.

"இந்தப் பெரிய முள்ளுச் சந்திரன், சின்ன முள்ளுச் சூரியன் எண்டு வையுங்கோ தங்கச்சி. ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு நிண்டால் அமாவாசை. சந்திரன் வேகமா ஓடிறபடியால் சூரியனை விட்டு விலகும். முழு வட்டத்தை முப்பது பங்காப் பிரிச்சு, ஒவ்வொரு பங்கு விலகினாலும் ஒரு திதி. முதல் பதினைஞ்சு வளர்பிறை, பூரணை வரைக்கும். பிறகு பதினைஞ்சு தேய்பிறை. தேய்பிறையில பதினாலாவது திதிதான் சதுர்த்தசி. அமாவாசைக்கு முதல் திதி. ஒவ்வொரு மாசமும் வரும், மாசியில வாறதுதான் மகா சிவராத்திரி."

"அப்ப திதி எண்டா நாள்தானே?"

"அதுதான் இல்லை! சந்திரன் ஒருநாள் விரைவா ஓடும், ஒருநாள் ஆறுதலாப் போகும். அதால ஒரு திதி ஒரு நாளைவிடக் கூடவும் இருக்கும், குறையவும் இருக்கும். விடியவும் தொடங்கும், மத்தியானமும் தொடங்கும், நடுச்சாமத்திலயும் தொடங்கும். மற்ற விரதங்கள் பலதுக்கு, சூரியன் உதிக்கேக்க என்ன திதி எண்டு பார்ப்பம். சிவராத்திரிக்கு அப்பிடியில்லை. அது இரவின்ர விரதம். சிவன் நெருப்புத் தூணா நிண்டது நடு இரவில. அதால நடு இரவு வரேக்க சதுர்த்தசி நிக்குதோ எண்டுதான் பார்க்கோணும். எந்த இரவின்ர நடுவில நிக்குதோ, அந்த இரவுதான்."

"அதில என்ன பிரச்சினை?"

அப்பா இரண்டு பஞ்சாங்கங்களையும் எடுத்து வந்தார். ஒன்று வாக்கியம், பழைய காலத்து வாய்பாடுகளை வைத்துக் கணிப்பது. மற்றது திருக்கணிதம், வானத்தில் கிரகம் நிற்கும் இடத்தோடு ஒத்துப்போகும்படி கணக்கைத் திருத்திக்கொண்டது. திருக்கணிதத்தின்படி சதுர்த்தசி செவ்வாய் இரவு பதினொன்றே காலைத் தாண்டியதும் தொடங்கி, புதன் இரவு பன்னிரண்டுக்குச் சற்று முன் முடிந்துவிடுகிறது. ஆகவே செவ்வாய் நடு இரவில்தான் நிற்கிறது. வாக்கியத்தின்படி அது தொடங்கவே செவ்வாய் நடுச்சாமம் கடந்து ஒரு மணியாகிறது. ஆகவே புதன் நடு இரவில்தான் நிற்கிறது.

மாமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்டுதான். கணக்குத்தான் வேற."

"அவ்வளவுதான்! ஒண்டே முக்கால் மணித்தியால வித்தியாசம். மற்ற வருசங்களில அது ஒண்டும் செய்யாது. இந்த முறை நடுச்சாமம் அதுக்குள்ள மாட்டிட்டுது."

"கவர்மென்ட் கலண்டர்ல புதன் லீவு எண்டு போட்டிருக்கு."

"லீவு விடுறதுக்கு அவைக்கு ஒரு திகதி வேணும். சந்திரனுக்கு லீவு இல்லை," என்றார் அப்பா. "என்ர கணக்கு செவ்வாய்."

மாமி பஞ்சாங்கத்தில் புதன்கிழமையின்மேல் விரலை வைத்தாள். "செவ்வாய்க்கு மற்றநாள் எங்களுக்கு விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குற நாள். அதுவும் நிலவைப் பார்த்துத்தான் வாறது. ஈஸ்டர் பூரணையைப் பிடிச்சு வரும், அதில இருந்து பின்னுக்கு எண்ணுவாங்க."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. உடனே விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பூரணையிலிருந்து ஒன்றரை மாதம் பின்னால் போனால் அமாவாசைப் பக்கம்தானே வரவேண்டும் என்று அவர் சொல்லி முடிக்க, அம்மா தேத்தண்ணியோடு வந்தாள். தட்டில் வடை. "உழுந்து வடைதான். மீன் இறைச்சி எல்லாம் இங்க இல்லை," என்றாள். அவர்கள் எல்லாம் தின்கிறவர்கள் என்ற குத்தல் அதில் இருந்தது.

"அவரைப் பிடிச்ச நாள்ல இருந்து நான் மச்சம் தொடுறதில்ல அக்கா," என்றாள் மாமி.  ஒரு வடையை எடுத்துப் பாதியாகப் பிய்த்து, பாதியை எனக்குத் தந்தாள்.

போகும்போது அம்மா வாசல்வரை வந்தாள். "அவனிட்டச் சொல்லுங்கோ. செவ்வாய் எண்டு. நானும் முழிச்சிருப்பன் எண்டு."

சனிக்கிழமை மாமி போய், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டு வந்தாள். மூலைக் கடைக்குப் போன் எடுத்துச் சேதி சொன்னாள். கடைக்கார முதலாளி மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம். அவர் மகன் எங்கள் ஒழுங்கைக்கு ஓடிவந்து, "செவ்வாய் எண்டு சொல்லியாச்சாம்" என்று கத்திவிட்டுப் போனான். ஏதோ கலியாணத் திகதி மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலிலிருந்து வந்தபோது முகம் வெளிறியிருந்தது. கோயிலில் புதன்கிழமை என்று அறிவித்துவிட்டார்கள். நான்கு சாமப் பூசையும் புதன் இரவு. வாக்கியப்படி. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் புதன் என்று ஆயத்தம்.

"உங்கள் ஒராளை நம்பி நான் அவனுக்குச் சொல்லிவிட்டனான்," என்று அம்மா அப்பாவிடம் சீறினாள்.

"என்ர கணக்குப் பிழையில்லை. அவை பிடிக்கிற பஞ்சாங்கம் வேற. இருபக்கமும் ஆக்கள் இருக்கினம். ஊரிலயும் அப்பிடித்தான்."

"இப்ப அவனுக்கு மாத்திச் சொல்லேலாதே. அடுத்த முறை பார்க்க விட இன்னும் பதின்மூண்டு நாள் கிடக்கு."

"மாத்தத் தேவையில்லை எண்டுதானே சொல்லுறன். செவ்வாய்தான் சரி."

"சரியோ பிழையோ எனக்குத் தேவையில்லை," என்றாள் அம்மா. "அவன் செவ்வாய் முழிச்சிருப்பான். அவன் தனிய முழிச்சிருக்க நான் நித்திரை கொள்ளுறதோ? கோயில் என்ன செய்தாலும் செய்யட்டும். செவ்வாய் நான் வீட்டில இருக்கிறன்."

அப்பாவுக்கு அது முழுத் திருப்தியாக இல்லை. தன் கணக்கு வென்றதுபோல் அவருக்குத் தோன்றவில்லை போலும். ஆனால் பேசாமல் போய் எண்ணெய் வாங்கிவந்தார்.

செவ்வாய்க்கிழமை பொழுதுபட மாமி வந்துவிட்டாள். அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.  அம்மா பாயொன்றை விரித்து, தலையணை இரண்டு போட்டாள். மின்சாரம் அன்று இருந்தது, ஆனால் அம்மா விளக்கைத்தான் ஏற்றினாள்.

அந்த இரவை நான் முழுதாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. நித்திரையும் விழிப்பும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. கண்ணை மூடினால் அம்மாவின் தேவாரம், திறந்தால் வில்வ இலைகள் கிடந்த பித்தளைத் தட்டு. எங்கேயோ அலை. விளக்கின் நிழலில் சுவரில் இரண்டு பெண்கள், சுவரைவிடப் பெரியவர்கள். ஒருமுறை நான் விழித்தபோது அம்மா தூங்கி விழப்போனாள். மாமி மெல்ல அவள் முழங்கையைத் தட்டி, "அக்கா, நான் நைட் ஷிப்ட்காரி. என்னைப் பாத்துக்கொண்டிருங்க, நித்திரை வராது," என்றாள். பிறகு டெலிபோன் போர்டில் இரவில் வரும் ஆட்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கப்பலில் இருந்து கூப்பிடுகிற மாலுமிகள், பிழையான இலக்கத்தில் வந்து அழுகிற கிழவி, அவள் நிறுத்தும் வரை லைனைத் துண்டிக்காமல் வைத்திருப்பது. அம்மா சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே நான் மறுபடி தூங்கிவிட்டேன்.

மணிக்கூடு பன்னிரண்டு அடித்தபோது விழித்துக்கொண்டேன். அம்மா கற்பூரத்தை எடுத்தாள். அப்பா மறித்தார். "பொறு. இரவின்ர நடு பன்னிரண்டு இல்லை. பொழுது ஆறு இருபதுக்குக் கிட்ட மறைஞ்சுது, விடியவும் ஆறு இருபதுக்குத்தான் உதிக்கும். அப்ப நடு பன்னிரண்டு இருபது. அதுக்கு முன்பின் கால் மணித்தியாலம் கூடக் குறைய, அதுதான் நேரம்." நாங்கள் காத்திருந்தோம். அவர் கைமணிக்கூட்டைப் பார்த்துத் தலையசைத்ததும் அம்மா கற்பூரத்தை ஏற்றினாள். அறை முழுக்க வெளிச்சம் எழுந்தது. அந்த வெளிச்சத்தில்தான் கதவு தட்டப்பட்டது.

மூன்று பேர். ஒரு அதிகாரி, பின்னால் துவக்கோடு இருவர். மேலே குடியிருந்த வீட்டுக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"மே வெலாவே லைட் மொகட்டத?" இந்த நேரத்தில் வெளிச்சம் எதற்கு என்று கேட்டார் அதிகாரி.

அப்பாவுக்குக் கந்தோரில் ஓடும் சிங்களம் அந்த நேரம் ஓடவில்லை. "சிவராத்திரி," என்றார் தமிழிலேயே.

அதிகாரி கண்ணைச் சுருக்கினார். "சிவராத்திரிய ஹெட்ட நேத?" நாளைக்கல்லவா சிவராத்திரி என்கிறார். லீவு நாளைக்கு. காலி வீதிக் கோயிலுக்கும் நாளைக்குத்தான் பாதுகாப்புப் போடச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு நடுச்சாமம் இந்த வீட்டில் ஏன் ஆட்கள் கூடியிருக்கிறார்கள்?

அப்பா பஞ்சாங்கத்தை எடுத்தார்.  நல்லவேளை, அதைத் திறக்கும் முன் மாமி எழுந்து முன்னால் வந்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. திதி சில வருடம் நடு இரவில் தொடங்கும், அப்போது இரண்டு கணக்கு வரும், ஒரு பகுதியார் இன்றைக்கும் மற்றவர்கள் நாளைக்கும் பிடிப்பார்கள் என்று சொன்னாள். "போயத் எஹெம நேத, மஹத்தயா?" போயாவும் அப்படித்தானே, பூரணை எந்த நாள் என்று சிலவேளை உங்களுக்குள்ளும் கதை வருமே, என்றாள்.

 அதிகாரி கதவுக்குப் பின்னால் தொங்கிய பதிவுத் துண்டை எடுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். மூன்று பெயர். அறையில் நான்கு பேர். டோர்ச் மாமியின் கழுத்துக் குருசில் வந்து நின்றது. பிறகு அவள் நெற்றியில். அம்மா அப்போதுதான் அவளுக்குத் திருநீறு பூசியிருந்தாள்.

"இவள் யார்?"

யாருடைய மனைவி என்று சொன்னால் அவன் எங்கே என்று கேட்பார்கள். எங்கே என்று சொன்னால் அந்த இரவு எல்லோருக்கும் அங்கேதான். மாமி வாய் திறக்கவில்லை. அப்போது அம்மா, இரண்டு சிங்களச் சொல்லுக்கு மேல் தெரியாத என் அம்மா, மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மகே நங்கி" என்றாள். என் தங்கச்சி.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கறுத்து உருண்டு குள்ளமான அம்மா, வெளுத்து நெடுத்த மாமி. ஒரு பிள்ளைகூட நம்பாது. கற்பூரம் தட்டில் கடைசியாக ஒருமுறை எழுந்து அணைந்தது. அவர் துண்டை அம்மாவிடம் நீட்டினார். விடிந்ததும் நங்கியின் பெயரையும் பொலிஸில் பதிந்துவிடும்படி சொன்னார். படியிறங்கும்போது ஜன்னலை மூடிக்கொள்ளச் சொன்னார்.

அவர்கள் போனதும் அம்மா கதவைத் தாழிட்டாள். அப்பாதான் முதலில் கதைத்தார். "நேரம் இன்னும் இருக்கு. பன்னிரண்டு முப்பத்தைஞ்சு ஆகேல்லை," என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். அம்மா மாமியின் பக்கம் திரும்பி, "நீ பயந்திட்டியே?" என்றாள். "நீ" என்று.

விடியற்காலை என்னை எழுப்பிக் கேற்றடிக்குக் கூட்டிப்போனார்கள். கடற்பக்கம் இன்னும் இருட்டு. காலி வீதிக் கடைகளின் கூரைகளுக்கு மேலே, கிழக்கில், பிறை. நகம் வெட்டிப் போட்டதுபோல் அவ்வளவு மெல்லியது. நாளை விடிய இதுவும் தெரியாது என்றார் அப்பா. மூன்று பேரும் அண்ணாந்து நிற்க, நான் அம்மாவின் சேலைக்குள் நின்று பார்த்தேன். வெளிச்சம் வர வர அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போய், பிறகு இல்லாமலே போயிற்று.

அம்மா விரதம் முடிக்கும் பாரணைக்குச் சமைத்திருந்தாள். மாமி சாப்பிடவில்லை. "இண்டைக்கு எனக்கு ஒருசந்தி அக்கா. ஒரு நேரம்தான், அதுவும் மத்தியானம்." அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, சோற்றையும் கறியையும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். அப்பா முதலில் பொலிஸுக்குக் கூட்டிப்போய் அவள் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் பஸ் ஏற்றினார். நேற்றைய திருநீறு அவள் நெற்றியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதன்மேல்தான் அன்று பாதிரியார் சாம்பலைப் போட்டிருப்பார். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

மாமா ஆவணிக்குக் கிட்டத்தான் வெளியே வந்தார். குற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள். இல்லாத குற்றத்துக்கு எத்தனை மாதம் என்று யாரும் கேட்கவில்லை. வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெள்ளவத்தைக்கு வந்தார்கள். மாமா பாதியாக மெலிந்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் அம்மா ஆசையாகக் கேட்டாள்.

"தம்பி, அண்டைக்கு, செவ்வாய் ராத்திரி, நீ எப்பிடி முழிச்சிருந்தனி? விளக்கும் இல்லாம?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்.

"கோவிக்காதே அக்கா. அண்டைக்கு நான் நித்திரையாப் போனன்."

"என்ன?"

"பொழுதுபடச் சுவரில சாஞ்சு இருந்தனான். பிடிச்ச நாளில இருந்து எனக்கு ஒரு ராத்திரியும் ஒழுங்கா நித்திரை இல்லை. ஆரை எப்ப கூப்பிடுவாங்கள் எண்டு தெரியாது. அண்டைக்கு இருந்து யோசிச்சன். இப்ப அக்கா முழிச்சிருப்பா. இவளும் முழிச்சிருப்பாள். ரெண்டு பேரும் எனக்காக முழிச்சிருக்கினம். அதை நினைச்சதுதான் தெரியும். கண் திறந்தால் வெயில்."

 அம்மா எழுந்துபோய் ஒரு தலையணையை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். "இப்பவும் கொஞ்சம் படு," என்றாள். அவர் படுத்தார். அம்மாவும் மாமியும் சத்தமில்லாமல் குசினிக்குப் போனார்கள். நான் ஜன்னலை மெல்லச் சாத்திவிட்டு, அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.